நாக்கின் ஓரத்தில் பல் தடம்

ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தோம். மண்டபத்து மாடி அறையில் பெண்கள் பதினோரு பேர் பாய் விரித்துப் படுத்திருந்தோம். என் பக்கத்தில் பெரியம்மா. அவர் குறட்டை விடுவது குடும்பத்தில் பழைய கேலிப் பேச்சு. அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்காததால் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். குறட்டை படிப்படியாக ஏறும், சட்டென்று நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்; மூக்கருகில் கையை வைத்தால் காற்றே இல்லை. செல்போனில் நொடியை எண்ணினேன். இருபத்திரண்டு. பிறகு முங்கிக் கிடந்தவர் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியதுபோல ஒரு இழுப்பு. புரண்டு படுத்தார். மறுபடி குறட்டை. விடிவதற்குள் இது எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

காலையில் கேட்டால், "நல்லாத்தான் தூங்கினேன்டி. ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

பெரியம்மாவுக்கு வயது 56. ஒரு வருஷமாகவே இந்த 'அடிச்சுப் போட்ட' பாட்டு நடந்துகொண்டிருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு எல்லாருக்கும் இப்படித்தான் என்று ஒருவர், ரத்தக்குறைவாக இருக்கும் என்று இன்னொருவர். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வார். முடி கொட்டியது, மலச்சிக்கல் வந்தது, முகம் உப்பியது. குரல் கனத்துப் போனது, போன் எடுத்தால் எதிர்முனையில் "பெரியப்பாவா?" என்று கேட்டோம். இவ்வளவும் சேர்ந்து எதைச் சொல்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்திலிருந்து திரும்பியதும் நான் வற்புறுத்தி அழைத்துப்போன டாக்டர் முதலில் பார்த்தது நாக்கை.

"நாக்கை நீட்டுங்கம்மா. போதும், உள்ளே இழுக்காதீங்க. அப்படியே வைங்க."

நாக்கின் இரண்டு ஓரங்களிலும் அதிரசத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி வைத்ததுபோல வரிசையாகப் பள்ளங்கள். பல்லின் தடம். வாய்க்குள் இடம் போதாமல் நாக்கு பற்களில் அழுந்திக்கொண்டே இருந்திருக்கிறது. வாயைப் பெரிதாகத் திறந்தபோது உள்நாக்கே தெரியவில்லை. நாக்கின் முதுகு அண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பல் தடம் மட்டும் இருந்தால் அது தைராய்டு என்று சொல்லிவிட முடியாது. இயல்பிலேயே நாக்கு பெரிதாக, தாடை சிறிதாக இருப்பவர்களுக்கும் அப்படி விழும். ஆனால் கனத்த குரலோடும் குளிரோடும் சேர்ந்து வந்ததால் டாக்டர் அன்றே இரண்டு சோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார். ஒன்று ரத்தத்தில் டி.எஸ்.எச். மற்றொன்று ஒரு இரவு முழுக்க எடுக்கும் ஸ்லீப் ஸ்டடி.

டி.எஸ்.எச். 92 என்று வந்தது. சாதாரணமாக அது சுமார் 0.4-க்கும் 4-க்கும் நடுவில் இருக்க வேண்டும். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் அதட்டல். சுரப்பி எவ்வளவு சுணங்குகிறதோ அதட்டல் அவ்வளவு உயரும். தைராக்ஸின் அளவோ தரையில் கிடந்தது.

நாக்கு ஏன் வீங்குகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். தோலுக்கு அடியிலும் தசை நார்களுக்கு இடையிலும் ஹயலுரானிக் அமிலம் என்றொரு பசை எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்த வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொழகொழப்பு தெரியும். இந்தப் பசை அளவுக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்கிற வேலைகளில் தைராய்டு ஹார்மோனுக்கும் பங்கு இருக்கிறது. ஹார்மோன் குறைந்தால் பசை தேங்குகிறது, தேங்கிய பசை தண்ணீரைச் சேர்க்கிறது. இதயமோ சிறுநீரகமோ கெட்டு வரும் வீக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். இதில் விழாது, ஏனென்றால் தண்ணீர் பசைக்குள் சிறைப்பட்டிருக்கிறது. முகத்தில் சேர்ந்தால் உப்பல், குரல் நாண்களில் சேர்ந்தால் ஆண் குரல், நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் அண்ணத்திலும் சேர்ந்தால் மூச்சு போகும் வழி குறுகும்.

இந்த வீக்கத்துக்கு மிக்ஸிடீமா என்று பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆர்ட், 1878-இல். இறந்துபோன ஒரு நோயாளியின் தோலைச் சோதித்தபோது அதில் சளி போன்ற பொருள் ஏராளமாக இருந்ததைக் கண்டு வைத்த பெயர் அது. 1891-இல் நியூகாஸில் நகரத்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியைச் சாறாக்கி 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். வீக்கம் வடிந்தது. அந்தப் பெண் பிறகு 28 வருஷம் உயிர் வாழ்ந்தார்; அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவர் உடம்புக்குள் போயிருந்ததாக மரே பின்னாளில் கணக்குச் சொன்னார். இன்றைக்கு அதே வேலையை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை செய்கிறது. நமக்கு வேண்டிய செய்தி அந்த வடிதல்தான். ஹார்மோன் திரும்பக் கிடைத்தால் பசை கரையும். அப்படியானால் நாக்கும் இளைக்க வேண்டும், ராத்திரி மூச்சும் சீராக வேண்டும் அல்லவா? பாதிக்கு மேல் அது உண்மை, ஆனால் முழுக்க அல்ல.

ஏன் முழுக்க இல்லை என்று புரிய, தொண்டையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூச்சுக்குழாயைச் சுற்றி விறைப்பான குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அது லேசில் மடங்காது. மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்குமான பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெறும் சதைக்குழாய் அது. விழித்திருக்கும்போது அதைத் திறந்து வைத்திருப்பது தசைகள், முக்கியமாக நாக்கைத் தாடைப் பக்கமாக முன்னே இழுத்துப் பிடிக்கும் தசை. தூங்கினால் அந்தப் பிடி தளரும், மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். ஆரோக்கியமானவருக்கும் இது கொஞ்சம் நடக்கிறது. அவருக்குக் குழாய் அகலமாக இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. குழாய் ஏற்கெனவே குறுகியிருந்தால், மூச்சை உள்ளே இழுக்கும் விசையே அதை ஒட்டவைத்துவிடும். ஜூஸ் டம்ளரில் மெல்லிய உறிஞ்சுகுழாயை வேகமாக உறிஞ்சும்போது அது தட்டையாவதைப் பார்த்திருப்போம், அதுபோல.

தைராய்டு குறைவு இதில் மூன்று பக்கத்திலிருந்து கை வைக்கிறது. சதை தடித்து வழி குறுகுவது முதலாவது. இரண்டாவது, தசைகளே மந்தமாகிவிடுகின்றன. கணுக்காலின் பின்னால் சுத்தியால் தட்டினால் பாதம் துள்ளி மெதுவாக, சோம்பலாகத் திரும்புவதை டாக்டர்கள் பார்ப்பார்கள், நாக்கைப் பிடித்து நிறுத்தும் தசைக்கும் அதே சோம்பல். மூன்றாவது மூளை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது 'மூச்சு விடு' என்று விரட்டுகிற மூளையின் எச்சரிக்கை மங்கிவிடுகிறது, அதனால் அடைப்பு நீள்கிறது. நான்காவதாக உடல் பருமனைச் சேர்க்கலாம். ஆனால் அதற்குத் தைராய்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ, அதிலும் பாதிக்கு மேல் உப்பும் தண்ணீரும். பல வருஷத்து உணவும் உட்கார்ந்த வேலையும் சேர்த்த கொழுப்பு மாத்திரைக்குக் கரையாது.

ஸ்லீப் ஸ்டடிக்குப் பெரியம்மா படுத்த இரவு, தலையில் பத்துப் பதினைந்து ஒயர்கள், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். "ஊசி போடாமயே என்னை கட்டிப் போட்டுட்டாங்க" என்று புலம்பினார். அந்த பெல்ட்தான் முக்கியமானது. மூக்கில் காற்று நின்றிருக்கும்போது பெல்ட்டும் அசையாமல் இருந்தால் மூளை உத்தரவு தரவில்லை என்று பொருள். பெல்ட் அசைந்துகொண்டே காற்று நின்றால் உத்தரவு வந்திருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நான் பார்த்தது இரண்டாவது. பத்து நொடிக்கு மேல் நீளும் இப்படியான அடைப்புகளையும் பாதி அடைப்புகளையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. பதினைந்து வரை லேசானது, முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பெரியம்மாவுக்கு 41. ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

இப்போது ஒரு கேள்வி வந்தது. காரணம் தைராய்டு என்று தெரிந்துவிட்டது, மாத்திரை ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் சரியாகிவிடலாம். எதற்குச் சி-பாப் மெஷின்? பெரியப்பாவின் வாதம் இது. மெஷினின் விலையும் அந்த வாதத்துக்குள் இருந்தது. சி-பாப் என்பது முகமூடி வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சதைக்குழாய் ஒட்டிக்கொள்ளாமல் உப்பவைத்து நிறுத்தும் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் இதை முதலில் உலகுக்குச் சொன்னார். அதே சல்லிவனும் ரான் கிரன்ஸ்டீனும் 1988-இல், தைராய்டு குறைவோடு வந்த மூச்சடைப்பு நோயாளிகளைப் பற்றி எழுதியதில் பெரியப்பாவுக்கான பதில் இருக்கிறது. மூச்சடைப்பைக் கவனிக்காமல் தைராக்ஸினை மட்டும் ஆரம்பித்தபோது, இதயக் கோளாறு இருந்தவர்களுக்கு இரவில் நெஞ்சுவலியும் இதயத்துடிப்புக் கோளாறும் வந்தன. காரணம் எளிய கணக்குதான். மாத்திரை முதலில் உடம்பின் வேகத்தைக் கூட்டுகிறது. இதயம் அதிக ஆக்ஸிஜன் கேட்கிறது. நாக்கோ இன்னும் இளைக்கவில்லை, ராத்திரி ஆக்ஸிஜன் முன்போலவே சரிகிறது. கேட்பது கூடி வரவு கூடாத அந்த இடைவெளிதான் ஆபத்து. மெஷின் அந்த இடைவெளியைக் கடத்தி விடுகிறது.

பெரியம்மாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்ததால் 25 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். பொதுவாக உடல் எடைக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் முழு அளவு வரும். அவருடைய 74 கிலோவுக்கு அது நூற்றுக்குக் கொஞ்சம் மேலே. வயதானவருக்கும் இதயம் பற்றிச் சந்தேகம் உள்ளவருக்கும் ஒரே தாவலாக அங்கே போகமாட்டார்கள். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும் மந்தமான மருந்து. எனவே அளவை மாற்றினால் அதன் விளைவு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்துதான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பத்து நாளில் பார்த்து "ஒண்ணும் மாறலையே" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

எட்டாவது வாரம் 92 என்பது 38 ஆனது. 50-க்கும் பிறகு 75-க்கும் உயர்த்தினார்கள். நான்காம் மாதம் 19-ல் வந்து நின்றுவிட்டது. அளவு போதவில்லையோ என்று மேலும் உயர்த்தத் தயாரானபோது டாக்டர் கேட்டார், "எப்படிச் சாப்பிடுறீங்க?" பெரியம்மா பெருமையாகச் சொன்னார்: காலை ஐந்தரைக்கு முதல் டிகாஷன் காபியோடு, கூடவே முழங்காலுக்கான கால்சியம் மாத்திரையும். காபியும் கால்சியமும் இந்த மாத்திரையைக் குடலில் பிடித்து நிறுத்திவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு என்று மாற்றியதுதான் அந்த மாதத்து வைத்தியம். அடுத்த பரிசோதனையில் 7 ஆனது. நூறு மைக்ரோகிராமில் ஏழாம் மாதம் 2.8.

உடம்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் திரும்பியது மலச்சிக்கலும் குளிரும், ஒரு மாதத்துக்குள். குரல் மூன்றாம் மாதத்தில் தெளிந்தது. நாக்குதான் கடைசி. ஐந்தாம் மாதம் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி, "இந்தப் பக்கம் போயிடுச்சு, இந்தப் பக்கம் ரெண்டு பள்ளம் இருக்கு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரத்த ரிப்போர்ட் சரியான நாளில் தொண்டையும் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மெஷினைக் கழற்றாமல் மேலும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, ஒன்பதாம் மாதம் மெஷின் இல்லாமல் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள்.

இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. குறட்டை குறைந்துவிட்டது, அசதி போய்விட்டது, எதற்கு இன்னொரு ராத்திரி ஒயரில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அசதியை நம்ப முடியாது. தைராய்டு குறைவுக்கும் மூச்சடைப்புக்கும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றே: பகல் தூக்கம், மறதி, மனச்சோர்வு, எடை கூடுவது. ஒன்று சரியானதும் உடம்பு எழுந்து உட்காரும், மற்றொன்று மிச்சமிருப்பது தெரியாமலே போகும். எதிர்ப்பக்கமும் உண்டு. டி.எஸ்.எச். சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்று மாத்திரையை மேலும் மேலும் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும். தூக்கத்தில் மூச்சடைத்துக்கொண்டிருப்பதோ அப்படியே இருக்கும். அவர்கள் பார்க்க வேண்டியது மாத்திரைச் சீட்டை அல்ல, பக்கத்தில் படுப்பவர் சொல்லும் சேதியை.

எத்தனை பேருக்கு மாத்திரையால் மூச்சடைப்பு முழுக்கப் போகிறது? டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. புதிதாகக் கண்டறியப்பட்ட தைராய்டு குறைவு நோயாளிகள் 50 பேரைத் தூக்கச் சோதனைக்கு உட்படுத்தியபோது 15 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. தைராக்ஸின் கொடுத்து மறுபடி சோதிக்க முடிந்த 12 பேரில் 10 பேருக்கு அது சரியானது. நம்பிக்கை தரும் எண்தான், என்றாலும் சிறிய ஆய்வு. சிட்னி நோயாளிகளிலோ ஹார்மோன் சரியான பிறகும் சிலருக்கு மெஷின் தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: வீக்கம் மட்டுமே காரணமாக இருந்தவருக்கு மாத்திரை போதும். கழுத்துக் கொழுப்பும் சின்னத் தாடையும் வயதும் ஏற்கெனவே வாசலைக் குறுக்கி வைத்திருந்து, தைராய்டு வந்து அதை அடைத்தது என்றால், மாத்திரை தைராய்டின் பங்கை மட்டுமே திருப்பித் தரும்.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நிறையப் பேரைத் தொடுகிறது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. அதைத் தவிர, டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறி, ஹார்மோன் அளவு இன்னும் சரியாக இருக்கும் ஆரம்ப நிலையும் உண்டு. அப்படி 6 அல்லது 7 என்று வந்தவர், இனி மாத்திரை போட்டால் குறட்டை நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவார். நாக்கில் பசை சேரும் அளவுக்கான நோய் அது அல்ல. அதேபோல மூச்சடைப்போடு வருகிறவர்களில் கடுமையான தைராய்டு குறைவு உள்ளவர்கள் நூற்றுக்கு ஒரு சிலரே. ஆனாலும் குரல் மாறியிருந்தால், குளிர் தாங்காவிட்டால், எடைக்குப் பொருந்தாத அளவுக்கு மூச்சடைப்பு மோசமாக இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குவதில் நஷ்டமில்லை. கண்டுபிடிக்கப்படாத தைராய்டு குறைவோடு தூக்க மாத்திரையோ ஆபரேஷனுக்கான மயக்க மருந்தோ ஏறினால், ஏற்கெனவே மங்கியிருக்கும் மூச்சு உத்தரவு இன்னும் மங்கும், தடித்த நாக்கு குழாய் செருகுவதையும் சிரமமாக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் குறட்டையையும் தைராய்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரியம்மாவின் இரண்டாவது சோதனையில் மணிக்கு 41 என்றிருந்தது 14 ஆகியிருந்தது. ஆக்ஸிஜன் 87-க்குக் கீழே போகவில்லை. எடை 74-லிருந்து 69. மிச்சமிருந்த அடைப்புகளில் பெரும்பகுதி மல்லாந்து படுத்த நேரத்தில் வந்தவை. ஒருக்களித்துப் படுத்தபோது கிட்டத்தட்ட இல்லை. மெஷினின் அழுத்தத்தை 11-லிருந்து 7-ஆகக் குறைத்தார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா என்று பெரியப்பா கேட்டதற்கு டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் ஆறு கிலோ குறைஞ்சா மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் மாட்டிக்கிட்டே படுங்கம்மா."

"ஆறு கிலோவா? நாக்கு இளைச்சதுக்கே ஒம்பது மாசம் ஆச்சு சார்" என்றார் பெரியம்மா. பழைய குரலில்தான் சொன்னார். போனில் யாரும் இப்போது பெரியப்பா என்று நினைப்பதில்லை.